பில் பாஸ் ஆச்சு, பணம் ஏன் வரலை?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் எங்கள் மேசைத் தொலைபேசி ஓயாது. வியாழன் மாலை பேமெண்ட் ரன் ஓட்டியிருப்போம். பணம் வந்தவர்கள் பேசாமல் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். வராதவர்கள்தான் அழைப்பார்கள். "மேடம், ஸ்டோர்ல கேட்டேன், பில் பாஸ் ஆகிடுச்சுன்னாங்க. போர்ட்டல்ல பார்த்தா ரிஜெக்டட்னு காட்டுது. நாங்க செஞ்ச வேலையில ஏதாச்சும் குறையா?" என்று ஒருவர் கேட்பார். குரலில் கோபத்தை விடக் கலக்கம் அதிகம் இருக்கும்.

பெரும்பாலும் வேலையில் ஒரு குறையும் இருக்காது. பில் தொகையும் சரியாகவே இருக்கும். திரையில் அந்தச் சிவப்பு வரியை முழுதாகப் படித்தால் விஷயம் தெரியும்:

`Rejected – Supplier onboarding incomplete`

வேலை செய்தவர் யார், அவர் வரி எண் எது, பணம் போக வேண்டிய கணக்கு எது என்ற விவரங்கள் எங்கள் கணினியில் இன்னும் முழுமையாகப் பதியவில்லை என்பதுதான் இதன் பொருள். பதிவு முடியாதவருக்குப் பணம் அனுப்பக் கணினி மறுக்கிறது. நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் அனுப்பும் மேசையில் இருக்கிறேன். 'ஏபி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்த ஒரு வரியால் எத்தனை சிறு பட்டறைகளில் சனிக்கிழமைச் சம்பளம் தள்ளிப்போகிறது என்பது எங்களுக்குத் தெரியும். அது எங்கே, எதனால் நிற்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எங்கே நின்றது?

'பணம் ரிஜெக்ட் ஆயிடுச்சு' என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே அது மூன்று வெவ்வேறு இடங்களில் நடக்கக்கூடியது. எந்த இடம் என்று தெரியாமல் அலைந்தால் நாள்தான் போகும்.

முதல் இடம் போர்ட்டல். பில் எங்கள் கணக்குப் புத்தகத்துக்குள் நுழையும் முன்பே திருப்பி அனுப்பப்படுகிறது. அப்படி ஒரு பில் வந்ததாகவே எங்கள் கணக்கில் தடம் இருக்காது. ஸ்டோரிலோ பிளாண்டிலோ 'பாஸ்' என்று சொன்னது பொருள் வந்தது, வேலை முடிந்தது என்ற ஒப்புதலை மட்டுமே. அந்தச் சொல்லை நம்பி இரண்டு மூன்று வாரம் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது இடம் பேமெண்ட் ரன். பில் கணக்கில் ஏறிவிட்டது, கெடு தேதியும் வந்துவிட்டது. ஆனால் சப்ளையர் பதிவில் வங்கி விவரமோ, எந்த வழியில் பணம் அனுப்ப வேண்டும் என்ற குறிப்போ இல்லை. அல்லது பதிவின் மேல் ஒரு தடைக்குறி போடப்பட்டிருக்கிறது. எஸ்ஏபி மென்பொருளில் `F110` என்ற திரையில் நாங்கள் ரன் ஓட்டும்போது இப்படிப்பட்டவை தனியே பிரிந்து விதிவிலக்குப் பட்டியலில் போய் விழும். இதில் வருத்தமான சங்கதி என்னவென்றால், பல நிறுவனங்களில் இதைப் பற்றிச் சப்ளையருக்கு எந்தத் தகவலும் போகாது. போர்ட்டலில் 'அப்ரூவ்டு' என்றே காட்டிக்கொண்டிருக்கும். எங்கள் மேசையில் யாராவது அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தால்தான் உண்டு.

மூன்றாவது இடம் வங்கி. பணம் எங்கள் கணக்கை விட்டுப் போயிருக்கும், யூடிஆர் எண்ணும் வந்திருக்கும். ஆனால் கணக்கு எண்ணோ ஐஎஃப்எஸ்சி-யோ தவறு என்றால் அது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வங்கி இணைப்புகளுக்குப் பிறகு இதை நிறையப் பார்த்தோம். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது. பழைய காசோலைப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, குறுக்கே கோடு போட்டுக் கொடுத்தவர்களின் ஐஎஃப்எஸ்சி பிறகு செல்லாமல் போனது.

ஆகவே நீங்கள் சப்ளையர் என்றால் "பணம் எப்ப வரும்?" என்று கேட்பதற்கு முன், "பில் கணக்கில் ஏறிவிட்டதா? ஏறியிருந்தால் டாக்குமெண்ட் நம்பர் என்ன?" என்று கேளுங்கள். நம்பர் கிடைக்கவில்லை என்றால் முதல் இடத்திலேயே நிற்கிறீர்கள் என்று பொருள். நம்பர் இருந்து, கெடுவும் கடந்து, யூடிஆர் இல்லை என்றால் இரண்டாவது இடம். யூடிஆர் இருந்தும் பணம் வரவில்லை என்றால் மூன்றாவது.

பிஓ கையில் இருக்கிறதே!

முதல் இடத்தில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. "நான் யாருன்னு தெரியாமலா பிஓ கொடுத்தீங்க?"

பதில் கணினியின் அமைப்பில் இருக்கிறது. ஒரு சப்ளையரின் பதிவு ஒரே பக்கம் கிடையாது. பர்ச்சேஸ் பிரிவுக்கு ஒரு பக்கம் உண்டு: என்ன விலை, எத்தனை நாள் கெடு, ஆர்டர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பவை அதில் இருக்கும். கணக்குப் பிரிவுக்கு வேறு பக்கம்: பான், வரிப் பிடித்த வகை, பணம் அனுப்பும் வழி போன்றவை அதில். வங்கிக் கணக்கு விவரமும் சரிபார்த்த பிறகே பதிவில் ஏறும். பர்ச்சேஸ் பக்கம் மட்டும் திறந்திருந்தாலே பிஓ அடித்துக் கொடுத்துவிடலாம். ஸ்டோரில் பொருளையும் வரவு வைத்துவிடலாம். பில்லைக் கணக்கில் ஏற்ற நாங்கள் `MIRO` திரைக்குப் போகும்போதுதான், இந்தச் சப்ளையர் கணக்குப் பிரிவுக்கு இன்னும் உருவாக்கப்படவில்லை என்று கணினி நிறுத்தும்.

அதாவது பிஓ எண் கையில் இருப்பது, ஆன்போர்டிங் முடிந்ததற்குச் சான்றாகாது. அவசர வேலைகளில்தான் இந்த இடைவெளி பெரிதாகிறது. இயந்திரம் நின்றுவிட்டது, உற்பத்தி காத்திருக்கிறது என்றால் பர்ச்சேஸ்காரர் முதல் பக்கத்தை மட்டும் திறந்து பிஓ கொடுத்துவிடுவார். இரண்டாவது பக்கம் 'அப்புறம் பார்த்துக்கலாம்' ஆகிவிடும்.

ஒரு கம்ப்ரஸர் பில்லின் கதை

பல கோப்புகளில் கண்டவற்றைச் சேர்த்து ஒன்றாகச் சொல்கிறேன். அம்பத்தூர்ப் பக்கம் ஏர் கம்ப்ரஸர் பழுது பார்க்கும் ஒரு சிறு பட்டறை. முதலாளி ஒருவர், கூட நான்கைந்து பேர். மே மாதக் கடைசியில் எங்கள் தொழிற்சாலையில் கம்ப்ரஸர் நின்றுவிட, இரவோடு இரவாக ஆட்களை அனுப்பினார். ஜூன் 3 அன்று வேலை முடிந்து, மெயின்டனன்ஸ் பொறியாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜூன் 5 அன்று பில்: வேலைக் கூலி 2,00,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 36,000, மொத்தம் 2,36,000. மறுநாளே போர்ட்டல் அதைத் திருப்பியது. காரணம், மேலே சொன்ன அதே வரி.

அன்றே பதிவுப் படிவத்துக்கான இணைப்பு அவருக்கு மின்னஞ்சலில் போனது. ஆனால் எந்த மின்னஞ்சலுக்கு? ஜிஎஸ்டி சான்றிதழ் எடுத்தபோது கொடுத்திருந்த முகவரிக்கு. அது அவருடைய ஆடிட்டர் அலுவலகத்தின் முகவரி. சிறு தொழில் செய்பவர்களில் மிகப் பலருக்கு ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் மின்னஞ்சலும் செல்பேசி எண்ணும் ஆடிட்டருடையவைதான். அங்கே நூறு கடிதங்களுக்கு நடுவே இதுவும் கிடந்தது. எங்கள் நிறுவனத்தில் இணைப்பு 15 நாளில் காலாவதியாகும். ஜூன் 23 அன்று அவர் நேரில் வந்து நின்ற பிறகே சரியான முகவரிக்கு மறுபடி அனுப்பினார்கள்.

மறுநாளே படிவத்தை நிரப்பிவிட்டார். ஜூன் 27 அன்று இரண்டு காரணங்களைச் சொல்லித் திருப்பினார்கள்.

முதல் காரணம்: தொழில் வகை என்ற இடத்தில் 'பார்ட்னர்ஷிப் ஃபர்ம்' என்று குறித்திருந்தார். ஊரில் எல்லோரும் தங்கள் கடையை, பட்டறையை 'எங்க ஃபர்ம்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பான் எண்ணின் நான்காவது எழுத்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தனிநபர் என்றால் P, கூட்டு நிறுவனம் என்றால் F, கம்பெனி என்றால் C. அவருடையதில் P. அவர் ஒருவரே உரிமையாளர், எனவே 'புரொப்ரைட்டர்ஷிப்' என்று குறித்திருக்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. இப்படிப்பட்ட ஒப்பந்த வேலைக்குத் தனிநபருக்கு 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், கூட்டு நிறுவனத்துக்கு 2 சதவீதம். ஜிஎஸ்டி நீங்கலான 2,00,000-க்குக் கணக்குப் போட்டால் 2,000 ரூபாயா, 4,000 ரூபாயா என்பது இந்த ஒரு டிக் குறியில் இருக்கிறது. பான் எண் ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலற்றுக் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். 2023 ஜூலை முதல் அப்படிப்பட்டவர்களுக்கு 20 சதவீதம் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதே பில்லில் 40,000 ரூபாய். அதனால்தான் பான் நிலை தெரியாமல் எங்கள் வரிப் பிரிவு ஒப்புதல் தராது.

இரண்டாவது காரணம்தான் தமிழ்நாட்டில் மிக அதிகமானவர்களைப் படுத்துவது. அது பெயர்.

ஒருவருக்கு மூன்று பெயர்

எடுத்துக்காட்டாக, செல்வராஜ் என்று ஒருவர், தந்தை பெயர் பழனிசாமி என்று வைத்துக்கொள்வோம். நம் வழக்கப்படி அவர் ப. செல்வராஜ். வங்கியில் கணக்குத் தொடங்கியபோது `P SELVARAJ` என்று எழுதினார்கள். பான் விண்ணப்பத்தில் முன்னெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தையின் பெயர் போய் உட்கார்ந்து, அட்டையில் `SELVARAJ PALANISAMY` என்று வந்தது. ஆதாரில் `Selvaraj P`. பட்டறையின் நடப்புக் கணக்கோ இந்த மூன்றிலும் இல்லாமல் கடைப்பெயரில் இருக்கிறது. எல்லாம் ஒரே மனிதர்தான். அவரைத் தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது.

கணினிக்கு இது புரியாது. சரிபார்க்கும் வேலை வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் ஒரு பொது மையத்தில் நடந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் புரியாது. பான் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் வேறு வேறு என்றுதான் அவர் பார்க்கிறார். 'பெயர் பொருந்தவில்லை' என்று எழுதித் திருப்புகிறார். சப்ளையர் அதே காசோலைத் தாளை இன்னும் தெளிவாகப் படமெடுத்து மறுபடி ஏற்றுகிறார். மறுபடி திரும்புகிறது. படம் தெளிவாக இல்லை என்று அவர் நினைக்கிறார், பிரச்சினை படத்தில் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. இந்தச் சுற்றில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வந்த பதிலில் 'இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒருவரே என்று காட்ட ஆவணம் கொடுங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். திருப்பி அனுப்புகிறவர் காரணத்தை முழுதாக எழுத வேண்டும் என்பதை நான் எங்கள் அலுவலகத்தில் சலிக்காமல் சொல்லி வருகிறேன்.

இந்தப் பெயர்களுக்கு நடுவே பாலம் போடும் ஆவணம் பெரும்பாலும் ஏற்கெனவே கையில் இருக்கும். ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழில் சட்டப்பெயர் என்று ஒரு வரி, வணிகப்பெயர் என்று ஒரு வரி உண்டு. சட்டப்பெயர் பானில் உள்ளதையே எடுத்துக்கொள்ளும், வணிகப்பெயர் கடைப்பெயராக இருக்கும். ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே அந்தப் பான் இருக்கிறது: 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்தும் பான் எண். ஆகவே வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி வணிகப்பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் கேள்வி எழாது. ஓரிடத்தில் `Engineering` என்றும் இன்னோர் இடத்தில் `Engg` என்றும், ஒன்றில் `Sri`, மற்றதில் `Shree` என்றும் இருந்தால்தான் சிக்கல்.

நம் கம்ப்ரஸர்காரருக்கு அதுதான் நேர்ந்தது. வங்கியில் ஒரு எழுத்துக்கூட்டல், ஜிஎஸ்டி-யில் வேறு. ஆவணங்களைத் திருத்தப் போனால் வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால் வேறு வழி சொன்னோம். வங்கிக் கிளையில் ஒரு கடிதம்: இன்ன எண்ணுள்ள நடப்புக் கணக்கு இன்ன பெயரில் இருக்கிறது, இதன் உரிமையாளர் இன்னார், அவருடைய பான் இது என்று வங்கியின் கடிதத்தாளில், மேலாளர் கையெழுத்து, முத்திரையோடு. ஜூலை 2 அன்று கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பி, வங்கி திருப்பிச் சொல்லும் பெயரைக் கடிதத்தோடு ஒப்பிட்டார்கள். ஜூலை 7 அன்று பதிவு முழுமை பெற்றது.

எதற்கு இத்தனை கெடுபிடி?

"ரெண்டு லட்ச ரூபா பில்லுக்கு இவ்வளவு சோதனையா?" என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம். என் பதில் இது. நம் நாட்டில் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் போகும் பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கப்படுகிறது, பெயரை ஒப்பிடுவதில்லை. அனுப்பும் முன் பெறுநரின் பெயரைத் திரையில் பார்த்துக்கொள்ளும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதே இந்த ஓட்டையை அடைக்கத்தான். தவறான எண்ணுக்குப் போன பணம், அந்த எண்ணில் வேறு யாராவது இருந்துவிட்டால், அவர் கணக்கில் சேர்ந்துவிடும்.

திட்டமிட்டுச் செய்பவர்களும் இருக்கிறார்கள். லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமாசாஸ்கஸ் என்பவர், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாத்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். அந்தப் பெயரில் வங்கிக் கணக்குகளும் தொடங்கினார். குவாண்டாவோடு உண்மையாகவே கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போலி பில்களும் மின்னஞ்சல்களும் போயின. 2013-க்கும் 2015-க்கும் இடையில் இரண்டு நிறுவனங்களும் அனுப்பிய தொகை 12 கோடி டாலருக்கு மேல். 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பெயர் சரியாக இருந்தது, பில்லும் சரியானதுபோல் இருந்தது, கணக்கு மட்டும் வேறொருவருடையது.

இதனால்தான் பில் ஏற்றுகிற நான் வங்கி விவரத்தைத் தொட முடியாது. அதைத் தொடும் அதிகாரம் வெண்டர் மாஸ்டர் பிரிவுக்கு மட்டும். அவர்களால் பணம் அனுப்ப முடியாது. ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தால் ஒரு கணக்கு எண்ணை மாற்றி, பணத்தை அனுப்பி, பழைய எண்ணையே திரும்பப் போட்டுவிட முடியும். "மேடம், நீங்களே அந்த எண்ணை மாத்திப் போட்டுடுங்களேன்" என்று எத்தனை நெருக்கமானவர் கேட்டாலும் என் திரையில் அந்தக் கட்டம் திறக்காது. திறக்கவும் கூடாது. கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பதிவில் முன்பே இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்பதும் இதே காரணத்தால்தான்.

கெடுபிடியை நான் ஆதரிக்கிறேன். அதை வேலை முடிந்த பிறகு தொடங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஓடிக்கொண்டே இருந்த கெடு

கம்ப்ரஸர் கதைக்கு வருவோம். பதிவு முடிந்ததும் ஜூலை 8 அன்று அவர் புதிய எண்ணில், அன்றைய தேதியிட்டு இன்னொரு பில் போடத் தயாரானார். பழையதுதான் ரிஜெக்ட் ஆகிவிட்டதே என்பது அவர் எண்ணம். தடுத்துவிட்டோம். போர்ட்டல் திருப்பியதால் பில் ரத்தாகிவிடாது. ஜூன் 5 பில் அவருடைய ஜூன் மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் போக வேண்டியது. அதே வேலைக்கு இரண்டாவது பில் போட்டால் ஒரு வேலைக்கு இரண்டு முறை வரி கட்டும் நிலை வரும். போதாததற்கு, சேவை முடிந்து 30 நாளுக்குள் பில் போட வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. ஜூன் 3 வேலைக்கு ஜூலை 8 பில் அந்தக் கெடுவைத் தாண்டிவிடும். பழைய பில்லையே, அதே எண், அதே தேதியோடு, மறுபடி ஏற்றச் சொன்னோம். அன்றே கணக்கில் ஏறியது.

அடுத்து கெடு. பிஓ-வில் 60 நாள் என்று போட்டிருந்தது. கணக்கில் ஏறிய நாளிலிருந்து 60 நாள் என்று கணினி எண்ணி, செப்டம்பர் 6 என்று காட்டியது. ஆனால் அவர் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில்முனைவோர். எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டம், 2006-இன்படி, எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டிருந்தாலும், சரக்கையோ சேவையையோ ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். ஏற்ற நாள் என்பது வேலை முடித்துக் கொடுத்த நாள். அதிலிருந்து 15 நாளுக்குள் குறை சொல்லி எழுத்தில் மறுப்புக் கொடுக்காவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். 'எங்கள் கணினியில் அவர் பதிவு முடியவில்லை' என்பதற்கு அந்தச் சட்டத்தில் விதிவிலக்கு எழுதப்படவில்லை. ஜூன் 3-லிருந்து எண்ணினால் கெடு ஜூலை 18. கணினி சொன்னதற்கும் சட்டம் சொன்னதற்கும் நடுவே ஐம்பது நாள்.

இதை மாற்ற, பில்லில் `Baseline Date` என்ற கட்டத்தில் ஜூன் 3 என்று போட்டு, கெடுவை 45 நாளாகத் திருத்தினோம். உத்யம் சான்றிதழைப் படிவத்தில் ஏற்றியிருந்ததால்தான் இது நடந்தது. அதை ஏற்ற மறந்திருந்தால் அவர் குறுந்தொழில் என்பதே எங்கள் கணினிக்குத் தெரியாமல் போயிருக்கும். படிவத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்காது, கட்டாயமும் இருக்காது. பலர் விட்டுவிடுகிறார்கள். இதைவிட இழப்பு தரும் வெற்றிடம் அந்தப் படிவத்தில் வேறில்லை. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: வாங்கி விற்கும் வணிகர்கள் உத்யம் பதிவு பெறலாம் என்றாலும் அது முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே, இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்காது. நடுத்தர நிறுவனங்களுக்கும் கிடையாது.

ஜூலை 17, வியாழன். ரன்னுக்கு முன்மொழிவுப் பட்டியல் எடுத்தோம். அவர் பெயர் விதிவிலக்கில் இருந்தது. வங்கிக் கணக்கு ஏறியிருந்தது, ஆனால் எந்த வழியில் பணம் அனுப்புவது என்ற சிறு கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது. ஆன்போர்டிங் 'முழுமை' என்று போர்ட்டல் சொன்ன பத்தாம் நாள் இது. வெண்டர் மாஸ்டர் பிரிவை அன்று மாலையே பிடித்து நிரப்ப வைத்தோம். மறுநாள் அவருக்கென்று தனி ரன் ஓட்டி, டிடிஎஸ் 2,000 போக 2,34,000 ரூபாய் அனுப்பினோம். கெடுவின் கடைசி நாள் அது.

அன்றும் தவறியிருந்தால்? ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக, வாங்கியவர் கொடுக்க வேண்டும். அந்த வட்டியை வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. கெடு தாண்டிய தொகையை அந்த நிதியாண்டு முடிவதற்குள்ளும் கொடுக்காவிட்டால், அந்தச் செலவையே அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது, கொடுக்கிற ஆண்டில்தான் கழிக்கலாம். 43பி(எச்) என்று நாங்கள் சொல்லிப் பழகிய இந்த விதி 2023 நிதிச் சட்டத்தில் வந்தது. அதன் பிறகு மார்ச் மாதத்தில் மட்டும் எங்கள் நிர்வாகிகள் விதிவிலக்குப் பட்டியலை வரி வரியாகப் படிக்கிறார்கள். மற்ற பதினோரு மாதமும் அதைப் படிக்க வேண்டும் என்பதே என் கட்சி.

வாங்கும் நிறுவனங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கணக்குப் பக்கம் திறக்காத சப்ளையருக்குப் பிஓ வெளியே போகாதபடி கணினியிலேயே பூட்டுப் போடலாம். எஸ்ஏபி போன்ற மென்பொருள்களில் இது செய்யக்கூடிய ஏற்பாடுதான். அவசர வேலைக்கு விலக்கு வேண்டுமென்றால், அந்த விலக்கில் கையெழுத்துப் போடும் மேலாளரே ஆன்போர்டிங்கை முடித்துத் தரும் பொறுப்பையும் ஏற்கட்டும். இப்போது அவசரம் பர்ச்சேஸுக்கு, காத்திருப்பு பட்டறைக்காரருக்கு என்று இருக்கிறது. அது நியாயமில்லை.

சப்ளையர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதிய கம்பெனி ஒன்றிலிருந்து அவசர ஆர்டர் வந்தால், ஆளை அனுப்பும் முன் பர்ச்சேஸ்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "எங்கள் வெண்டர் கோடு கணக்குப் பிரிவிலும் திறந்துவிட்டதா? பில் ஏற்ற முடியுமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதிவு இணைப்பு உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கே வரட்டும். உத்யம் சான்றிதழை யாரும் கேட்காவிட்டாலும் படிவத்தோடு சேர்த்து ஏற்றுங்கள். வேலை முடிந்த தேதியோடு கையெழுத்து வாங்கிய தாளைப் பத்திரப்படுத்துங்கள். 45 நாளும் கடந்து, 'ஆன்போர்டிங் முடியவில்லை' என்ற பதிலே வந்துகொண்டிருந்தால், உத்யம் எண்ணோடு மத்திய அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம். அது உங்கள் பகுதிக்கான எம்எஸ்எம்இ தீர்வு மன்றத்துக்குப் போகும். அங்கே நீங்கள் காட்ட வேண்டியது பிஓ, அந்தக் கையெழுத்துத் தாள், பில் ஆகிய மூன்றும்தான்.